25க்கும் 25.4க்கும் நடுவே 24 பிளேட்டுகள்: இஞ்ச், மில்லிமீட்டர் கலந்த வரைபடங்களைக் கையாள ஒரு முழுமையான வழிகாட்டி

முதல் போல்ட் இறங்கியது. இரண்டாவது இறங்கவில்லை. பட்டறை அண்ணா பிளேட்டைச் சற்று நகர்த்திப் பார்த்தார், சுத்தியலின் மரக்கைப்பிடியால் ஓரத்தைத் தட்டிப் பார்த்தார், பிறகு குனிந்து துளை வழியே உற்றுப் பார்த்தார். வட்டமாகத் தெரிய வேண்டிய மரைத்துளையின் ஒரு பக்கம் பிளேட்டுக்கு அடியில் மறைந்திருந்தது. மேசைமேல் அதே பிளேட்டுகள் இன்னும் 23 அடுக்கப்பட்டிருந்தன. நான் வாங்கிய முதல் கூலி வேலை அது. மாடலிங் செய்ததற்கு 2,000 ரூபாய் பேசியிருந்தோம்.

அன்று என்ன தவறு நடந்தது என்பதை ஒவ்வொரு கட்டமாகப் பிரித்து, அந்தந்த இடத்தில் என்ன செய்திருந்தால் அது நின்றிருக்கும் என்பதை இங்கே எழுதுகிறேன். லேசர் கட்டிங்குக்கோ 3டி பிரிண்டிங்குக்கோ மாடல் செய்து கொடுக்கத் தொடங்கியிருப்பவர்கள் இதே வரிசையைத் தங்கள் அடுத்த வேலையில் அப்படியே பின்பற்றலாம்.

வேலை என்னவென்றால்

கோவையில் பழைய நூற்பு இயந்திரங்களைச் சீர்செய்து தரும் ஒரு சிறு பட்டறை. இயந்திரத்தின் வார்ப்பிரும்புச் சட்டம் இங்கிலாந்தில் செய்தது. அதிலுள்ள மரைத்துளைகள் எல்லாம் 3/8 இஞ்ச் விட்வொர்த் என்னும் பழைய பிரிட்டிஷ் மரை. அந்தச் சட்டத்தின்மேல் உட்காரும் இரும்புப் பிளேட்டுகள் 24 வேண்டும். 12 பிளேட்டுகள் மோட்டாரைத் தாங்கும். மற்ற 12, மறுபக்கத்தில் காப்பு மூடியைப் பிடித்து நிற்கும். இரண்டுக்கும் ஒரே வடிவம்தான்.

அண்ணா ஒரு பழைய பில்லின் பின்புறத்தில் படம் போட்டு, அதைக் கைபேசியில் படமெடுத்து அனுப்பினார். செவ்வகத்தின்மேல் 12, பக்கவாட்டில் 8. நான்கு மூலைத் துளைகளுக்கு நடுவே 10 என்றும் 6 என்றும் அம்புக்குறிகள். ஒரு துளையின் அருகே 11. நடுவில் தண்டு நுழையும் பெரிய துளைக்கு 1½. கீழே ஓரத்தில் "பிளேட் 6". அவ்வளவுதான். எந்த எண்ணுக்கும் அலகு இல்லை.

படி 1: ஒவ்வொரு எண்ணுக்கும் அலகு கேளுங்கள்

நம் ஊர்ப் பட்டறைகளில் ஒரே படத்தில் இரண்டு அலகுகள் இருப்பது கவனக்குறைவு அல்ல. அது தொழிலின் பேச்சு வழக்கம். எடையையும் அளவையும் மெட்ரிக் முறைக்கு மாற்றும் சட்டம் 1956-லேயே வந்துவிட்டது. ஆனாலும் நீள அகலத்தை டேப் பிடித்து இஞ்சில் சொல்வதும், தகட்டின் கனத்தை எம்எம்மில் சொல்வதும் இன்றுவரை தொடர்கின்றன. தகடு கடையில் 6 எம்எம், 8 எம்எம் என்றுதான் விற்கிறது. துளை போடும் டிரில்லும் பெரும்பாலும் எம்எம்மில்தான் கிடைக்கிறது. ஆகவே 12, 8, 10, 6 ஆகியவை இஞ்ச். 11-ம் கடைசி 6-ம் எம்எம். அந்தப் படத்தில் 6 என்ற எண் இரண்டு முறை வருகிறது, இரண்டு அலகுகளில். சொல்பவருக்கு அதில் எந்தக் குழப்பமும் இல்லை. குழப்பம் முழுவதும் கேட்பவருடையது.

இவை தவிர, கேட்டால் ஏமாற்றும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று நூல். தச்சர்களும் கம்பி வேலை செய்பவர்களும் இஞ்சின் எட்டில் ஒரு பங்கை ஒரு நூல் என்பார்கள், அதாவது 3.175 மி.மீ. "பத்து இஞ்ச் ரெண்டு நூல்" என்றால் பத்தேகால் இஞ்ச். இன்னொன்று குழாய். அரை இஞ்ச் குழாய் என்பது பெயர்தான், அளவு அல்ல. அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 21.3 மி.மீ. அரை இஞ்ச் பிஎஸ்பி மரையின் வெளிவிட்டம் 20.955 மி.மீ. "அரை இஞ்ச் குழாய்க்குத் துளை" என்று எழுதியிருப்பதைப் பார்த்து 12.7 என்று தட்டிவிட்டால் அந்தத் துளையில் குழாய் நுழையவே நுழையாது. குழாய் என்ற சொல் வந்தால் கணக்குப் போடாதீர்கள். குழாயை வெர்னியரில் அளந்து அனுப்பச் சொல்லுங்கள்.

கேட்கும் முறையும் முக்கியம். "எல்லாம் இஞ்ச்தானே அண்ணா?" என்று கேட்டால், வேலை மும்முரத்தில் "ஆமாம் தம்பி" என்றுதான் பதில் வரும். அதனால் எண்களை நீங்களே அலகோடு எழுதித் திருப்பி அனுப்புங்கள். "பிளேட் 12 இஞ்ச் x 8 இஞ்ச், கனம் 6 எம்எம், மூலைத் துளை 11 எம்எம், துளை மையத்திலிருந்து மையத்துக்கு 10 இஞ்ச், 6 இஞ்ச், நடுத்துளை ஒன்றரை இஞ்ச்." தவறான அலகு எழுத்தில் நிற்கும்போது, அதைச் சொன்னவரே பார்த்தவுடன் பிடித்துவிடுவார்.

இதை மட்டும் நான் அன்று சரியாகச் செய்தேன். அண்ணாவிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக்கொண்டேன். அந்த நிம்மதியில்தான் அடுத்தடுத்த இடங்களில் அசந்துபோனேன்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: ஏற்கெனவே இருக்கும் பொருளின்மீது நேரடியாக எடுத்த ஓர் அளவு. என் வேலையில் அது சட்டத்திலுள்ள இரண்டு மரைத்துளைகளுக்கு நடுவிலான தூரம். அதை மி.மீ.யில் கேட்டிருந்தால் அண்ணா வெர்னியரையோ எஃகு ஸ்கேலையோ வைத்து 254 என்று சொல்லியிருப்பார். அந்த ஓர் எண் கையில் இருந்திருந்தால், பின்னால் வந்த 250 உடனே கண்ணில் உறுத்தியிருக்கும்.

படி 2: கோப்பின் அலகை முடிவு செய்த பிறகே முதல் கோட்டை வரையுங்கள்

படத்திலுள்ள எண்களில் பெரும்பாலானவை இஞ்ச் என்பதால் நான் இஞ்ச் கோப்பில் தொடங்கினேன். சாலிட்வொர்க்ஸ் திரையின் வலது கீழ் மூலையில் `IPS` என்று தெரியும். மில்லிமீட்டர் கோப்பாக இருந்தால் `MMGS` என்று தெரியும். 11 எம்எம் துளைக்கு அளவுப் பெட்டியில் `11mm` என்று அலகோடு தட்டினேன். மென்பொருள் அதைத் தானே 0.433 இஞ்சாக மாற்றிக்கொண்டது. அந்த வழக்கம் நல்லது. எந்தக் கோப்பில் வேலை செய்தாலும் `12in`, `11mm` என்று அலகையும் சேர்த்தே தட்டுங்கள். மனக்கணக்கைப் பெட்டிக்குள் விடாதீர்கள்.

மாடல் சரியாகவே இருந்தது. தவறு கோப்பின் அலகைத் தேர்ந்ததில் இருந்தது. வேலை எங்கே முடியப்போகிறதோ அந்த இடத்தின் அலகில் கோப்பைத் தொடங்க வேண்டும். நம் ஊர் லேசர் கட்டிங் கடைகளின் மென்பொருள் மில்லிமீட்டரில் ஓடுகிறது. 3டி பிரிண்டருக்கான ஸ்லைசர்களும் அப்படியே. வாடிக்கையாளர் எந்த அலகில் பேசினாலும் உங்கள் கோப்பு `MMGS`-ஆக இருக்கட்டும். அதற்குள் `12in` என்று தட்டினால் 304.8 வந்து உட்காரும். ஃப்ரீகேட் எல்லாவற்றையும் உள்ளே மில்லிமீட்டரிலேயே வைத்துக்கொள்கிறது. திரையில் இஞ்ச் காட்டச் சொல்லியிருந்தாலும் அப்படித்தான்.

தொடங்கிய பிறகு அலகை மாற்ற வேண்டியிருந்தால் ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். சாலிட்வொர்க்ஸில் `IPS`-ஐ `MMGS`-ஆக மாற்றினால் பொருளின் உண்மை அளவு மாறாது. 12 என்று காட்டிய இடத்தில் 304.8 என்று காட்டும். இது பாதுகாப்பான மாற்றம். ஆட்டோகேட் போன்ற 2டி மென்பொருளில் கதை வேறு. அங்கே கோட்டின் நீளம் வெறும் 12 என்ற எண்தான். அலகு அமைப்பில் மில்லிமீட்டர் என்று மாற்றினால் 12 இஞ்ச் கோடு 12 மி.மீ. கோடாக அர்த்தம் மாறிவிடும், எண் மாறாது. அங்கே `SCALE` கட்டளையில் 25.4 கொடுத்துப் பெரிதாக்க வேண்டும்.

25.4 என்ற எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. அது தோராயம் அல்ல. அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட நாடுகள் 1959-இல் செய்துகொண்ட உடன்பாட்டின்படி ஓர் இஞ்ச் என்பது மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர். அதற்குப் பின்னால் எந்தப் புள்ளியும் தொடரவில்லை.

படி 3: கோப்புக்குள் ஓர் அளவுகோலை வரைந்து வையுங்கள்

இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. இந்த வேலைக்குப் பிறகு நானே பழகிக்கொண்டேன். 2டி கோப்பில், பிளேட்டுக்கு வெளியே, தனி லேயரில் 100 மி.மீ. நீளம் 10 மி.மீ. அகலத்தில் ஒரு செவ்வகம் போட்டு, அதற்குள் `100 mm` என்று எழுதிவிடுங்கள். அந்த லேயருக்கு `CHECK_DO_NOT_CUT` என்று பெயர் வையுங்கள். கோப்பைத் திறக்கும் எவரும் வேறு எதையும் கேட்காமல் அந்தச் செவ்வகத்தை அளந்து பார்க்கலாம். 3.937 என்று வந்தால் கோப்பு இஞ்சில் இருக்கிறது. 98.4 என்று வந்தால், இடையில் யாரோ 25-ஆல் பெருக்கியிருக்கிறார்கள்.

கடைக்காரர் அதையும் சேர்த்து வெட்டிவிடுவாரோ என்ற அச்சம் சிலருக்கு உண்டு. லேயர் பெயர் இருந்தும், கூடவே செய்தியிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். அப்படியே தவறி வெட்டப்பட்டாலும் போவது விரலளவு தகடுதான்.

படி 4: கோப்பு வகைக்கு அலகு தெரியுமா என்று பாருங்கள்

என் தவறின் வேர் இங்கேதான் இருந்தது. மாடலிலிருந்து பிளேட்டின் முகத்தை டிஎக்ஸ்எஃப் கோப்பாக ஏற்றுமதி செய்தேன். இஞ்ச் கோப்பு என்பதால் நீளம் 12 என்றே போயிற்று. "12 என்ன?" என்ற கேள்விக்கு, எண்களைச் சுமக்கும் அந்தக் கோப்பில் பதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

டிஎக்ஸ்எஃப் கோப்பை நோட்பேடில் திறக்க முடியும். தலைப்புப் பகுதியில் இப்படி ஒன்றைத் தேடுங்கள்:

```
  9
$INSUNITS
 70
     4
```

கடைசி வரியில் 4 இருந்தால் மில்லிமீட்டர், 1 இருந்தால் இஞ்ச், 0 இருந்தால் அலகு சொல்லப்படவில்லை. சில மென்பொருள்கள் இந்த வரியை எழுதுவதே இல்லை. எழுதியிருந்தாலும், வெட்டும் கடையின் மென்பொருள் அதைப் படித்தாக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எனவே இதைப் பார்த்துக்கொள்ளலாம், இதை மட்டும் நம்ப முடியாது.

3டி பிரிண்டிங்குக்குப் போகும் எஸ்டிஎல் கோப்பில் அலகுக்கு இடமே இல்லை; முக்கோணங்களின் எண்கள் மட்டும்தான். இஞ்சில் ஏற்றுமதி செய்த எஸ்டிஎல் ஸ்லைசரில் கடுகளவு பொம்மையாகத் தெரியும். புரூசா ஸ்லைசரில் பொருளின்மேல் வலது சொடுக்கு செய்தால் `Convert from imperial units` என்ற வழி உண்டு. அது சரியாக 25.4-ஆல் பெருக்கும். ஸ்டெப், 3எம்எஃப் கோப்புகள் அலகைத் தங்களோடு எடுத்துச் செல்கின்றன. பெறுபவர் அவற்றைத் திறக்க முடியும் என்றால் அவற்றையே அனுப்புங்கள்.

எந்த வகையாக இருந்தாலும், கோப்பின் பெயரில் அலகையும் முழு அளவையும் எழுதுங்கள். `baseplate_304.8x203.2_t6_mm.dxf` என்ற பெயரைப் பார்ப்பவர், திரையில் 12 என்று வந்தால் உடனே நிறுத்திவிடுவார்.

படி 5: தொலைபேசியில் எண் சொல்லாதீர்கள்

கோப்பை அனுப்பிய மறுநாள் நான் காந்திபுரம் போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். லேசர் கடையிலிருந்து அழைப்பு வந்தது.

"தம்பி, உங்கள் ஃபைலில் பிளேட் 12 எம்எம்முக்கு 8 எம்எம் என்று காட்டுகிறது. கைவிரல் அளவுதான் வரும். இது சரிதானா?"

"இல்லை அண்ணா, அது இஞ்ச். எம்எம்முக்கு மாற்ற வேண்டும்."

"அப்படியென்றால் எத்தனையால் பெருக்கட்டும்?"

"இருபத்தைந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள் அண்ணா."

அவ்வளவுதான். ஓர் இஞ்ச் இருபத்தைந்து எம்எம் என்பது சிறுவயதிலிருந்து காதில் விழுந்த கணக்கு. அது யோசிக்காமல் வாயில் வந்துவிட்டது. அந்த அண்ணா தன் வேலையைச் சரியாகவே செய்தார். சந்தேகம் வந்ததும் கேட்டார். கேட்டதை அப்படியே போட்டார்.

பெரிய தவறு தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும் என்பதை இங்கே கவனியுங்கள். 25.4 மடங்கு சிறுத்த பிளேட்டை எவரும் வெட்ட மாட்டார்கள். ஆனால் 25-ஆல் பெருக்கினால் பிழை 1.6 விழுக்காடுதான். 304.8 இருக்க வேண்டிய இடத்தில் 300; 203.2 இருக்க வேண்டிய இடத்தில் 200. பார்ப்பதற்கு இவைதான் சரியான எண்களைப் போல முழுமையாக இருக்கின்றன. எடை போட்டுப் பார்த்தாலும் பிடிபடாது: சரியான பிளேட் சுமார் 2.85 கிலோ, தவறான பிளேட் சுமார் 2.76 கிலோ. டோக்கியோ டிஸ்னிலேண்டில் 2003 டிசம்பரில் ஒரு ரோலர் கோஸ்டர் தடம் புரண்டதற்கும் இத்தகைய சிறு வேறுபாடுதான் காரணம். இஞ்ச் அளவிலிருந்து மெட்ரிக்குக்கு மாற்றப்பட்ட பிறகும் பழைய வரைபடத்தைக் கொண்டு அச்சு வாங்கியிருந்தார்கள். 45 மி.மீ. இருக்க வேண்டிய அச்சு 44.14 மி.மீ. இருந்தது. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத அந்த வேறுபாட்டால் அதிர்ந்து அதிர்ந்து அச்சு முறிந்தது.

அதனால், கடையிலிருந்து அழைப்பு வந்தால் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "வெட்டாதீர்கள் அண்ணா, திருத்தி அனுப்புகிறேன்." வீட்டுக்குப் போய் `MMGS`-க்கு மாற்றி மீண்டும் ஏற்றுமதி செய்ய எனக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கும். பெருக்கும் வேலை எப்போதும் உங்கள் கணினியில் நடக்க வேண்டும்; அடுத்தவர் கணினியில் அல்ல.

படி 6: அனுப்பும் முன் வேறொரு மென்பொருளில் திறந்து மூன்று இடம் அளங்கள்

செய்த மென்பொருளிலேயே திறந்து பார்ப்பதில் பயன் குறைவு. அது தன் அலகைத் தானே ஊகித்துக்கொள்ளும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரேகேட் போன்ற ஒன்றில் டிஎக்ஸ்எஃப்பைத் திறந்து மூன்றை மட்டும் அளங்கள்: மிக நீளமான பக்கம், ஒரு துளையின் விட்டம், இரண்டு துளைகளின் மைய இடைவெளி. என் பிளேட்டுக்கு இவை 304.8, 11, 254 என்று வர வேண்டும்.

மூன்று ஏன் என்றால், நீளம் இஞ்சிலிருந்து வந்தது, துளை எம்எம்மிலிருந்து வந்தது. இரண்டு அலகுகளில் பிறந்த அளவுகளும் ஒரே நேரத்தில் சரியாக இருந்தால்தான் கலப்பு எதுவும் இல்லை என்று சொல்ல முடியும். மைய இடைவெளி, வாடிக்கையாளர் பொருளின்மேல் எடுத்துத் தந்த அளவோடு ஒப்பிடுவதற்கு.

பிறகு கடைக்குப் போகும் செய்தியில் இந்த மூன்று எண்களையும் எழுதுங்கள். "உங்கள் திரையில் 304.8, 11, 254 என்று வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஒரே ஒரு பிளேட் மட்டும் வெட்டிக் கொடுங்கள். பார்த்துவிட்டு மற்றதைச் சொல்கிறேன்." ஒரு பிளேட்டை மட்டும் வெட்டச் சொன்னால் சில கடைகளில் முகம் சுளிப்பார்கள், தகட்டை மறுபடி ஏற்ற வேண்டும், அதற்குக் கூலி கேட்பார்கள். அந்தக் கூலியை விலை பேசும்போதே சேர்த்துவிடுங்கள். நான் 24-ஐயும் ஒரே மூச்சில் வெட்டச் சொன்னேன்.

படி 7: தவறிவிட்டால், எந்த வகைத் தவறு என்று முதலில் கண்டுபிடியுங்கள்

பட்டறையில் நான் வாயடைத்து நின்றபோது அண்ணா திட்டவில்லை. வெர்னியரை என் கையில் கொடுத்து, "அளந்து சொல்லு தம்பி" என்றார். மேசைமேல் குனிந்து அளந்தேன். துளை விட்டம் 10.8. நடுத்துளை 37.5. துளைகளின் உள் ஓரத்திலிருந்து உள் ஓரம் வரை ஸ்கேலில் பிடித்து, ஒரு துளை விட்டத்தைக் கூட்டினேன்: 250. இதே வழியில் நீங்களும் மைய இடைவெளியை எளிதாக எடுக்கலாம்.

இனி ஒவ்வொன்றையும் இருக்க வேண்டிய அளவால் வகுக்க வேண்டும். 250-ஐ 254-ஆல் வகுத்தால் 0.984. 37.5-ஐ 38.1-ஆல் வகுத்தாலும் 0.984. 10.8-ஐ 11-ஆல் வகுத்தால் 0.98, துளை சிறிது என்பதால் வெர்னியரின் கடைசிப் புள்ளி அங்கே கொஞ்சம் ஆடும். எல்லா அளவும் ஒரே விகிதத்தில் குறைந்திருக்கிறது. அப்படியென்றால் யாரோ முழுக் கோப்பையும் பெருக்கிய எண்ணில்தான் தவறு. 25-ஐ 25.4-ஆல் வகுத்துப் பாருங்கள், அதே 0.984. பஸ்ஸில் நான் சொன்ன சொல் அந்த இடத்தில்தான் எனக்கு நினைவுக்கு வந்தது. பிளேட்டைக் கையில் வைத்துக்கொண்டே அண்ணாவிடம் சொல்லிவிட்டேன்.

விகிதம் 0.0394 என்று வந்தால் பெருக்கவே மறந்திருக்கிறார்கள், 25.4 என்று வந்தால் இரண்டு முறை பெருக்கியிருக்கிறார்கள். 1.016 வந்தால் மி.மீ.யிலிருந்து இஞ்சுக்கு மாற்றும்போது 25-ஆல் வகுத்திருக்கிறார்கள். எல்லா அளவும் சரியாக இருந்து ஒன்று மட்டும் பிசகினால், கோப்பில் குறை இல்லை. அந்த ஓர் எண்ணைத் தட்டும்போது அலகு தவறியிருக்கிறது. இந்தப் பிரிவு தெரியாமல் திருத்தத் தொடங்கினால் சரியாக இருப்பதையும் கெடுத்துவிடுவோம்.

படி 8: வெட்டிய பொருளில் எதைக் காப்பாற்றலாம்

வெளி ஓரம் 4.8 மி.மீ. குறைந்ததில் எந்தப் பாதிப்பும் இல்லை. தண்டு ஒன்றேகால் இஞ்ச்தான், 37.5 துளையில் தாராளமாக ஓடும். சிக்கல் மூலைத் துளைகளில் மட்டும். பிளேட்டை நடுவில் நிறுத்தினால், ஒவ்வொரு போல்ட்டும் தன் துளையின் மையத்திலிருந்து நீளவாக்கில் 2 மி.மீ., அகலவாக்கில் 1.2 மி.மீ. வெளியே தள்ளி நிற்கிறது. குறுக்காக அது 2.3 மி.மீ. 3/8 இஞ்ச் போல்ட்டின் விட்டம் 9.5 மி.மீ. அதோடு இரண்டு 2.3-ஐக் கூட்டினால் 14.1. ஆகவே துளையை 14.5-க்குப் பெரிதாக்கினால் நான்கு போல்ட்டுகளும் இறங்கும். ஆனால் போல்ட் துளையின் ஒரு பக்கத்தில் ஒட்டி நிற்பதால், சாதாரண வாஷர் மறுபக்கத்தில் துளையை மூடாது. கனமான, அகலமான வாஷர் போட வேண்டும்.

அண்ணா இதைக் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு பிளேட்டுகளை இரண்டாகப் பிரித்தார். "காப்பு மூடிப் பக்கம் 12-க்கு இது போதும், அங்கே சுமை இல்லை. மோட்டார் பக்கம் வேண்டாம். பெல்ட் இழுக்கும். பெரிய துளையில் பிளேட் நாளாக நாளாக நகர்ந்துவிடும்." அவர் சொன்னது சரி. பெரிதாக்கிய துளையில் பிளேட்டைப் பிடித்து நிற்பது போல்ட்டின் இறுக்கம் மட்டும்தான்; ஒரே பக்கமாக ஓயாமல் இழுக்கும் பெல்ட்டுக்கு அதை நம்ப முடியாது.

24 பிளேட்டுகளுக்குத் தகடும் வெட்டுக் கூலியுமாக 9,000 ரூபாய் ஆகியிருந்தது. மீண்டும் வெட்டும் 12-க்கான 4,500-ஐ நான் தருவதாகச் சொன்னேன். என் கூலி 2,000-ஐக் கழித்துக்கொண்டு மீதி 2,500-ஐ இரண்டு தவணையில் வாங்கிக்கொண்டார். நீங்கள் வேலை எடுக்கும்போது இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்: முதல் பிளேட்டை வாடிக்கையாளர் பொருத்திப் பார்த்து "சரி" என்று எழுதிய பிறகு வெட்டப்படுபவை அவர் பொறுப்பு, அதற்கு முன் வெட்டப்படுபவை உங்கள் பொறுப்பு. எந்தப் பக்கமும் மனக்கசப்பு இல்லாமல் போக இந்த ஒரு வரி போதும்.

அன்று இரவு கோப்பை `MMGS`-ஆக மாற்றி, 100 மி.மீ. செவ்வகம் வரைந்து, மூன்று அளவுகளையும் எழுதி அனுப்பினேன். மறுநாள் மாலை ஒரே ஒரு பிளேட் வந்தது, வெட்டிய ஓரத்தில் நீல நிறம்கூட மாறாமல். அண்ணா அதைச் சட்டத்தின்மேல் வைத்தார். நான்கு போல்ட்டுகளையும் ஸ்பானர் எடுக்காமல் விரலாலேயே ஒவ்வொன்றாகச் சுழற்றினார். நான்காவது போல்ட்டின் தலை பிளேட்டைத் தொட்டதும் லேசர் கடைக்குத் தொலைபேசியில் அழைத்து, "மீதி பதினொன்றையும் போடுங்கள்" என்றார்.